பீமில் தொங்கும் 40 கிலோ

வீட்டிலேயே பஞ்சிங் பேக் மாட்டிப் பயிற்சி செய்ய நினைப்பவர்களின் பார்வை முதலில் போய் நிற்பது மின்விசிறிக் கொக்கியில்தான். தளம் போடும்போதே கான்கிரீட்டுக்குள் கம்பியோடு சேர்த்துப் புதைத்த கொக்கி. விரல் தடிமன் இருக்கும். 'ஒரு ஆளே தொங்கலாம், இதற்கென்ன' என்று தோன்றும். மின்விசிறியைக் கழற்றிவிட்டுப் பேக்கை மாட்டுவார்கள். முதல் நாள் ஒன்றும் ஆகாது, முதல் மாதமும் ஒன்றும் ஆகாமல் போகலாம்.

அந்தக் கொக்கி நான்கைந்து கிலோ எடையுள்ள, இருந்த இடத்தில் சுற்றுகிற ஒரு பொருளுக்காக வைத்தது. அது புதைந்திருக்கும் தளம் பெரும்பாலான வீடுகளில் ஐந்து அங்குல கனம்தான். கொக்கியின் கம்பி கான்கிரீட்டுக்குள் எப்படி வளைந்திருக்கிறது, எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. பக்கத்திலேயே மின்கம்பி வேறு இருக்கிறது. கீழே விழும் ஒவ்வொரு குத்தும் மேல்வீட்டுத் தரையில் அதிர்வாகக் கேட்கும். ஆகவே மின்விசிறிக் கொக்கியை மறந்துவிடலாம். பேக்கைத் தாங்க வேண்டியது பீம்.

பீம் என்றதும் பழைய வீடுகளின் ஊஞ்சல் நினைவுக்கு வரும். இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து ஆடும் ஊஞ்சல் 150 கிலோவைச் சுமக்கிறது. அதைத் தாங்கும் கொக்கி 40 கிலோ பேக்கைத் தாங்காதா? எடையைத் தாங்கும். ஆனால் ஊஞ்சல் முன்னும் பின்னும் மட்டும்தான் ஆடுகிறது, நான்கு சங்கிலிகளில், நிதானமாக. பஞ்சிங் பேக் எல்லாப் பக்கமும் ஆடும். பக்கவாட்டில் ஒரு ஹூக் குத்து விழுந்தால் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். கீழிருந்து மேலே குத்தினால் ஒரு கணம் எழும்பி, சங்கிலி தளர்ந்து, மறுகணம் 'டக்'கென்று விழும். ஆடுவது, முறுக்குவது, உதறுவது என்ற இந்த மூன்று அசைவுகள்தான் மாட்டியதைக் கழற்றுகின்றன. எடையால் பிய்ந்து விழுந்த பேக்கைவிட, அசைவால் மெல்ல மெல்லத் தளர்ந்து விழுந்த பேக்தான் அதிகம் என்பது பயிற்சிக் கூடங்களில் பேக் மாட்டிப் பழகியவர்கள் எல்லாரும் சொல்வது.

எவ்வளவு இழுப்பு வரும் என்று பார்த்துவிடலாம். 40 கிலோ பேக் சும்மா தொங்கும்போது சங்கிலியில் 40 கிலோ. அது 45 டிகிரி வரை போய்த் திரும்பி நடுவுக்கு வரும்போது சுமார் 63 கிலோ. 60 டிகிரி வரை போனால் 80 கிலோ, அதாவது சரியாக இரட்டிப்பு. எழும்பி விழும் உதறலில் அதற்கும் மேலே போகும். எவ்வளவு என்பது சங்கிலி எவ்வளவு தளர்ந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் பேக்கின் எடையைப் போல ஐந்து மடங்கைக் கணக்கில் வைத்துக்கொண்டு பொருள் வாங்குவது நல்லது. 40 கிலோவுக்கு 200 கிலோ. கேட்கப் பெரிதாக இருந்தாலும் இரும்புக்கு இது சாதாரணம்.

ஒரு வீட்டில் மாட்டியதையே எடுத்துக்கொள்கிறேன். பெரம்பூரில் என் அக்கா மகன் 72 கிலோ, 5 அடி 7 அங்குலம். உடல் எடையில் பாதி என்பது பேக்கின் எடைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு. அவன் வாங்கியது நான்கு அடி நீளப் பை. உள்ளே ஒன்றும் இல்லாமல் வந்ததைப் பனியன் துணி வெட்டுத்துண்டுகள் திணித்து நிரப்பினான். மணல் கொட்டலாமே என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். மணல் அடியில் இறுகிக் கல்லாகிவிடும், மணிக்கட்டு போய்விடும். துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, உலக்கையால் இடிப்பது போல ஒரு கட்டையால் இடித்து நிரப்பியதில் 38 கிலோ வந்தது. சங்கிலி, தட்டு எல்லாம் சேர்த்து 40 என்று வைத்துக்கொண்டோம்.

இடம், கார் நிறுத்தும் போர்டிகோ. தரையிலிருந்து பீமின் அடிப்பகுதி வரை ஒன்பது அடி. பீமின் அகலம், பூச்சோடு சேர்த்து, பத்து அங்குலம். உள்ளே இருக்கும் கான்கிரீட் ஒன்பது அங்குலம், இரண்டு பக்கமும் அரை அங்குலம் சிமென்ட் பூச்சு. பூச்சு எதையும் தாங்காது. ஆங்கர் போல்ட்டின் நீளத்தில் பூச்சுக்குள் போகும் பகுதியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். அதனால் தட்டு உட்காரும் இடத்தில் பூச்சை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, கான்கிரீட்டின் முகத்திலேயே தட்டைப் பதிக்க வேண்டும்.

கொத்துவதற்கு முன் பீமைத் தட்டிப் பார்த்தோம். சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ, பீமின் அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடினாலோ, பழுப்புத் துருக்கறை கசிந்திருந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடற்காற்று படும் சென்னைப் பழைய வீடுகளில் இது சாதாரணம். அப்படிப்பட்ட பீமில் ஓட்டையே போடக் கூடாது, பேக் மாட்டுவது இருக்கட்டும், முதலில் பீமைச் சரிசெய்ய வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய அடுக்குமாடிகள் சிலவற்றில் பீமே இருக்காது. தளத்துக்குள் இழுத்து முறுக்கிய எஃகு வடங்கள் ஓடும். அந்த வடம் ஒன்றில் டிரில் பட்டால் பேராபத்து. கட்டடத்தின் வரைபடத்தைப் பார்க்காமல், கட்டியவர்களைக் கேட்காமல் அங்கே கைவைக்கக் கூடாது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியது தனி.

பீமுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே துளைப்பது என்று தெரியும். அடியில், நீளவாக்கில், மூன்று நான்கு தடித்த கம்பிகள் ஓடும். பீமின் பாரத்தைத் தாங்குபவை அவை, அவற்றை வெட்டவே கூடாது. அந்தக் கம்பிகளைச் சுற்றிச் செவ்வக வளையமாக ரிங் கம்பிகள், சுமார் ஆறு அங்குலத்துக்கு ஒன்று. ரிங்கின் அடிப்பக்கம் பீமின் அகலத்துக்குக் குறுக்கே ஓடுகிறது. ஆக, பீமைக் கீழிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு கம்பிக் கட்டம். நம் நான்கு போல்ட்டுகளும் அந்தக் கட்டத்தின் இடைவெளிகளில் நுழைய வேண்டும்.

நாங்கள் பட்டறையில் செய்துகொண்ட தட்டு ஆறு அங்குலச் சதுரம், 6 மி.மீ. கனம். நான்கு மூலையிலும் ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை நான்கு அங்குலம். ஒன்பது அங்குல பீமின் நடுவில் அதை வைத்தால் ஓட்டைகள் இரண்டு விளிம்பிலிருந்தும் இரண்டரை அங்குலம் உள்ளே விழும். அடிக்கம்பிகள் மூன்றானாலும் நான்கானாலும், ஒழுங்காகக் கட்டியிருந்தால், அந்த இடம் இரண்டு கம்பிக்கு நடுவே வருகிறது. விளிம்பை ஒட்டித் துளைத்தால் கான்கிரீட் ஓரம் பிய்ந்துவிடும் என்ற பயமும் இல்லை. நீளவாக்கில்தான் இழுபறி. ஆறு அங்குல இடைவெளியில் இருக்கும் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே நான்கு அங்குல இடைவெளியுள்ள ஓட்டைகள் உட்கார வேண்டும். ஒரு அங்குலம் முன்பின் போனால் கம்பியில் இடிக்கும்.

ஆனால் கம்பி கட்டுகிறவர் அளவுகோல் வைத்துக் கட்டியிருப்பார் என்று நம்பி ஓட்டை போட முடியாது. எலக்ட்ரீஷியன் ஒருவர் சுவருக்குள் கம்பியையும் ஒயரையும் காட்டும் சின்னக் கருவி வைத்திருந்தார். அதைப் பீமின் அடியில் நகர்த்தி, சத்தம் வந்த இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். ரிங்குகள் ஓரிடத்தில் ஐந்து அங்குலமும் அடுத்த இடத்தில் ஏழு அங்குலமுமாக இருந்தன. ஏழு அங்குல இடைவெளியைத் தேர்ந்தெடுத்தோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வேறு வீட்டிலிருந்து இழுத்த ஒயரில் மெஷினைப் போட்டு, முதலில் 6 மி.மீ. பிட்டால் நான்கு சின்ன ஓட்டைகள்.

கம்பியில் பட்டால் எப்படித் தெரியும்? கான்கிரீட்டில் பிட் போகும்போது சாம்பல் தூள் ஒரே சீராகக் கொட்டும். கம்பியில் பட்டதும் மெஷின் கையில் உதறும், சத்தம் கூர்மையாகிவிடும், பிட் ஒரு நூல்கூட நகராது. தூளில் பளபளவென்று இரும்புத் துகள் தெரியும். அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். அழுத்திக் கம்பியை அறுத்துக்கொண்டு போவது ஆகவே ஆகாது. எங்களுக்கு மூன்று ஓட்டைகள் சுத்தமாக இறங்கின, நான்காவது இடித்தது. தட்டை முழுவதுமாக முக்கால் அங்குலம் நகர்த்தி மறுபடியும் போட்டோம். வீணான சின்ன ஓட்டைகளைச் சுருங்காத சிமென்ட் கலவையால் அடைத்து, அது முழுதாக இறுகிய பிறகுதான் பெரிய ஓட்டைகள். அடைக்காத வெற்று ஓட்டை பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் கான்கிரீட்டின் பிடி குறையும்.

இனி போல்ட். கடையில் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று, முறுக்கும்போது நுனி விரிந்து கான்கிரீட்டைக் கவ்வும் ஆங்கர் போல்ட். மற்றது, ஓட்டைக்குள் பசையைச் செலுத்தி அதில் மரை போட்ட கம்பியை நட்டுவைக்கும் கெமிக்கல் ஆங்கர். நல்ல கான்கிரீட்டில் ஒரு 10 மி.மீ. ஆங்கர் போல்ட் மட்டுமே பல நூறு கிலோ இழுப்பைத் தாங்கும். 200 கிலோவை நான்காகப் பிரித்தால் ஒன்றுக்கு 50 கிலோதான். ஆக வலிமையில் இரண்டுக்கும் குறையில்லை. ஆனால் விரிந்து கவ்வும் போல்ட் உராய்வின் பிடியில் நிற்கிறது. மாதக்கணக்கில் உதறிக்கொண்டே இருந்தால் அந்தப் பிடி தளரும், அதைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பசையில் நட்ட கம்பி கான்கிரீட்டோடு ஒட்டி நிற்பதால் அதிர்வை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான், என்றாலும் தலைக்கு மேலே ஆடும் பொருளுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

10 மி.மீ. கம்பிக்கு 12 மி.மீ. ஓட்டை, மூன்றரை அங்குல ஆழம். இந்த வேலையில் பலரும் அலட்சியம் செய்வது ஓட்டையைச் சுத்தம் செய்வதைத்தான். துளைத்த தூள் உள்ளே ஒட்டியிருந்தால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் முழுதாகக் கழன்று வரும். பம்பால் ஊதி, கம்பித் தூரிகையால் சுற்றித் தேய்த்து, மறுபடி ஊதி, தூள் வராத வரை இதைச் செய்ய வேண்டும். மேல்நோக்கிய ஓட்டை என்பதால் தூள் முகத்தில் கொட்டும். கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது. பசையை ஓட்டையின் உச்சியிலிருந்து செலுத்தி, நாசியைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால் உள்ளே காற்று தங்காது. பிறகு கம்பியைத் திருகிக்கொண்டே மேலே தள்ளி, நழுவாமல் டேப் ஒட்டிவிட வேண்டும். குழாயின் மேல் போட்டிருக்கும் நேரம் முழுவதும் தொடாமல் விட வேண்டும். பையன் ஆர்வத்தில், "மாமா, இறுகிடுச்சு போல இருக்கே, தட்டை ஏத்திடலாமா?" என்று ஸ்பானரோடு வந்து நின்றான். வெளியில் வழிந்த பசை இறுகியது போலத் தெரியலாம், உள்ளே அப்படி இருக்க வேண்டியதில்லை. "நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்டா" என்று ஸ்பானரை வாங்கி வைத்துவிட்டேன்.

தட்டை ஏற்றும்போது சிலர் அதிர்வு குறையட்டும் என்று தட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ரப்பர் வைப்பார்கள். வேண்டாம். ரப்பர் நாளாக நாளாக அமுங்கும், அமுங்க அமுங்க நட்டு தளரும். மேல்வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாதென்றால் சங்கிலியில் ஒரு ஸ்பிரிங் சேர்க்கலாம், அது உதறலையும் வாங்கிக்கொள்ளும். தட்டு கான்கிரீட்டில் நேராக உட்கார வேண்டும். நட்டு, உள்ளே நைலான் வளையம் வைத்த வகை. முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் தொடங்கித் தட்டின் மேல் முடிகிற மாதிரி சிவப்புப் பெயின்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்தோம். நட்டு இம்மி அளவு திரும்பினாலும் கோடு இரண்டாக முறிந்து தெரியும். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும், ஏணி வேண்டாம்.

ஒரே ஒரு கொக்கி போல்ட்டைத் திருகிவிட்டால் போதாதா, எதற்கு நான்கு போல்ட் வைத்த தட்டு என்று கேட்பார்கள். பேக் சுற்றும்போது அந்த முறுக்கு மேலே ஏறிக் கொக்கிக்கு வரும். ஒற்றைக் கொக்கி என்றால் ஒரு குத்து அதைக் கால் நூல் திருகும், அடுத்த குத்து திருப்பித் திருகும், கடைசியில் தானே கழன்றுவிடும். நான்கு போல்ட்டில் நிற்கும் தட்டு திரும்ப வழியே இல்லை. பேக் பக்கவாட்டில் இழுக்கும்போது தட்டின் ஒரு ஓரம் கீழே பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். அதையும் இரண்டிரண்டு போல்ட்டுகள் பகிர்ந்துகொள்ளும். அந்த இழுப்பு குறைய வேண்டுமென்றால் தட்டில் இருக்கும் வளையம் நீண்டு தொங்காமல் தட்டை ஒட்டியே இருக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னோம். வளைத்த கம்பியின் இரண்டு நுனியையும் தட்டின் மேல் வைத்துப் பற்ற வைக்கக் கூடாது. தட்டில் ஓட்டை போட்டு, நுனிகளை உள்ளே நுழைத்து, இரண்டு பக்கமும் சுற்றிலும் பற்ற வைக்க வேண்டும், மேல் பக்கப் பற்றவைப்பைத் தட்டோடு சமமாக ராவிவிட வேண்டும். மேலோட்டமாக ஒட்டிய பற்றவைப்பு பார்வைக்கு அழகாக இருந்து ஒரு நாள் சட்டென்று விட்டுப்போகும், முன்கூட்டி எந்த அடையாளமும் காட்டாது.

தட்டின் வளையத்தில் முதலில் ஒரு டி ஷாக்கிள், அதில் ஸ்விவல், அதன் கீழே சங்கிலி, சங்கிலியின் முடிவில் திருகிப் பூட்டும் கேரபினர், அதில் பேக்கின் நான்கு பட்டைகள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஸ்விவலின் வேலை சுற்றுவதை வாங்கிக்கொள்வது. அது இல்லாவிட்டால் பேக் சுற்றச் சுற்றச் சங்கிலி முறுக்கேறிக் குட்டையாகும், பிறகு ஒரே வீச்சில் அவிழ்ந்து பேக்கை எதிர்த்திசையில் சுழற்றும். கண்ணிகள் ஒன்றோடொன்று நெரிபடும். ஆனால் ஸ்விவலின் நடு ஆணி நேராக இழுபடுவதற்கு மட்டும்தான் செய்தது, வளைவதை அது தாங்காது. தட்டோடு விறைப்பாக இணைத்துவிட்டால் பேக் பக்கவாட்டில் போகும் ஒவ்வொரு முறையும் அந்த ஆணி வளையும். நடுவே ஷாக்கிள் இருந்தால் ஸ்விவல் தானும் சாய்ந்து, இழுப்பின் திசையிலேயே நிற்கும். உள்ளே குண்டு பேரிங் வைத்த ஸ்விவலாகப் பார்த்து வாங்க வேண்டும். கையில் பிடித்துச் சுற்றினால் எல்லா ஸ்விவலும் சுற்றும். பாரத்தில் சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. கடையிலேயே ஒரு கனமான பொருளைத் தொங்கவிட்டுச் சுற்றிப் பாருங்கள்.

ஷாக்கிளின் ஆணி திருகாணி என்பதால் அதுவும் அதிர்வில் கழலும். அதன் கண்ணில் ஒரு கட்டுக்கம்பியை நுழைத்து ஷாக்கிளின் உடலோடு சுற்றிக் கட்டிவிட்டால் அசையாது. வாய் திறந்த எஸ் கொக்கியை எங்கேயும் போடக் கூடாது, பேக் எழும்பி விழும் ஒரு கணத்தில் அது நழுவிவிடும். சாவிக்கொத்தில் மாட்டும் வண்ணக் கேரபினர்களும் இதற்கல்ல. தாங்கும் பாரம் உடலிலேயே பொறித்திருப்பதுதான் வேண்டும். சங்கிலி 6 மி.மீ. கம்பியில், ஒவ்வொரு கண்ணியும் முழுதாகப் பற்றவைத்து மூடியதாக இருக்க வேண்டும். நுனிகளை வளைத்து மட்டும் விட்ட சங்கிலியில் உற்றுப் பார்த்தால் மயிரிழை இடைவெளி தெரியும். பாரத்தில் அது விரியும்.

சங்கிலி எவ்வளவு நீளம் என்று கடைக்காரர் கேட்டபோது பையன் இரண்டு அடி என்று சொல்லியிருந்தான். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வந்தது. பேக்கின் அடி, நிற்பவனின் தொடைக்கு மேல், தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும். பேக் நான்கு அடி. மேல் விளிம்பு ஆறரை அடியில் வரும், அவன் தலைக்கு மேலே ஒரு அடி குறைய. பீமின் அடி ஒன்பது அடி. நடுவே இருப்பது இரண்டரை அடி, அதாவது 30 அங்குலம். தட்டும் வளையமும் இரண்டரை அங்குலம், ஷாக்கிள் இரண்டு, ஸ்விவல் நான்கு, கேரபினர் மூன்றரை, பேக்கின் பட்டைகள் கூடும் இடம் வரை பன்னிரண்டு. மொத்தம் 24. சங்கிலிக்கு மிஞ்சியது ஆறே அங்குலம், சில கண்ணிகள். பட்டைகளைச் சுருக்கிச் சங்கிலியை நீட்டலாமா என்றால், பட்டைகள் குட்டையாகும்போது அகலமாக விரிந்து நிற்கும், பேக்கின் வாயில் தைத்திருக்கும் வளையங்களைப் பக்கவாட்டில் பிய்க்கும். அதனால் பட்டையைச் சுருக்கவில்லை.

சங்கிலி குட்டையானால் பேக் சீக்கிரம் திரும்பி வரும். எங்கள் பேக் ஒரு முறை போய்வர இரண்டரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. இதே பேக்கைப் பன்னிரண்டு அடி உயரக் கூரையில் மாட்டினால் மூன்று விநாடி ஆகும், வீச்சும் பெரிதாக இருக்கும். எதிரி நகர்வதைப் போல நகரட்டும், சுற்றிவந்து குத்தலாம் என்பவர்களுக்கு நீளம் நல்லது. வீட்டில் இடம் குறைவு. சுவருக்கும் பேக்குக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்று அடியாவது வேண்டும் என்பதால் குட்டைச் சங்கிலியே ஒத்துவரும்.

பேக்கை மாட்டும் முன் வேறு ஒன்றை மாட்டிப் பார்த்தோம். வீட்டு வேலைக்கு வந்திருந்த 50 கிலோ சிமென்ட் மூட்டைகள் நான்கு. ஒரு பலகையில் அடுக்கி, தரையிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி நிற்கும்படி சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டோம். நாம் குறித்துக்கொண்ட 200 கிலோ அதுதான். பிய்ந்தாலும் இரண்டு அங்குலம்தான் விழும். யாரும் அடியில் கையையோ காலையோ நீட்டவில்லை. மதியம் முழுவதும் அப்படியே விட்டு, தட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா, தட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தாள் நுழைகிறதா என்று பார்த்த பிறகே மூட்டைகளை இறக்கினோம். ஆளே தொங்கிப் பார்ப்பது வழக்கம், ஆனால் பிய்ந்தால் தட்டு தலையில் விழும். மூட்டைக்குத் தலை இல்லை.

பேக்கை மாட்டிய பிறகு, தட்டைத் தொடாமல், பீமின் பக்கவாட்டில் தனியாக அடித்த இன்னொரு ஆங்கரிலிருந்து ஓர் எஃகு வடத்தைத் தொளதொளவென்று இறக்கிப் பேக்கின் பட்டைகள் வழியே சுற்றிக் கட்டினோம். அது எந்தப் பாரமும் சுமக்காது. மேலே எது விட்டுப்போனாலும் பேக்கைத் தரைக்கு விடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இதை விடவே கூடாது.

முதல் வாரத்தில் நட்டுகளை மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும். தட்டும் வாஷரும் தம் இடத்தில் அமர்ந்துகொள்வதால் கொஞ்சம் இடம் கொடுக்கும். அதற்குப் பிறகு கண்ணும் காதும் போதும். தட்டுக்கு நேர்கீழே தரையில் வெள்ளைத் தூள் விழுந்திருந்தால் மேலே ஏதோ உராய்கிறது. பெயின்ட் கோடு முறிந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. 'கீச்' என்ற சத்தம் கிரீஸ் கேட்கும் சத்தம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு குத்துக்கும் மேலே 'டக் டக்' என்று கேட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஏணி போட வேண்டும். ஏதோ ஒன்று ஆடுகிறது. தேய்மானம் ஒரே இடத்தில்தான் தெரியும். இரண்டு கண்ணிகள் ஒன்றையொன்று தொடும் உள்வளைவில் விரலை விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். கம்பியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அந்தக் கண்ணி, அந்தச் சங்கிலி முழுவதும், வேலைக்கு ஆகாது.

பழைய வீடுகளில் மர உத்தரம் உள்ளவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நமக்கு இது பொருந்துமா என்று யோசிக்கலாம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் தேக்கு உத்தரம் 40 கிலோவை எளிதாகத் தாங்கும். ஆனால் மரத்தின் அடியில் திருகாணி போட்டுத் தட்டை மாட்டக் கூடாது. திருகாணி மரநாரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, உதறலில் நாருக்கும் மரைக்கும் நடுவே இடம் உண்டாகிவிடும். உத்தரத்தின் பக்கவாட்டில், உயரத்தின் நடுவே, குறுக்காகத் துளைத்து 12 மி.மீ. போல்ட்டுகளை மறுபக்கம் வரை விட்டு, இரண்டு பக்கமும் தட்டு வைத்து, கீழே வளைந்து வரும் பட்டை இரும்பில் வளையத்தை அமைக்க வேண்டும். கான்கிரீட் பீமிலும் இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தால் இந்த முறையையே செய்யலாம். நடுப்பகுதியில் அடிக்கம்பிகள் இல்லாததால் துளைப்பதும் எளிது, பசையும் தேவையில்லை. உத்தரத்துக்கு மேலே நெருக்கமாக ஓடும் சட்டங்களிலும் அவற்றின் மேல் அடுக்கிய செங்கல்லிலும் எதையும் மாட்ட வேண்டாம். போல்ட் போடும் முன் உத்தரம் சுவரில் நுழையும் இடத்தை ஓர் ஊசிக் கம்பியால் குத்திப் பாருங்கள். மழைநீர் இறங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். கம்பி அரை அங்குலம் சுலபமாக உள்ளே போனால் அந்த உத்தரம் தன் மேலிருக்கும் மாடியைத் தாங்கினாலே பெரிது.

பெரம்பூர் வீட்டுப் பேக்கில் முதலில் மாற்ற வேண்டிவந்தது ஸ்விவல். போர்டிகோவில் சாரல் அடித்துப் பேரிங்குக்குள் துரு ஏறி, சுற்றுவது நின்றுபோய், சங்கிலி முறுக்கிக்கொள்ள ஆரம்பித்ததும் பையன் கண்டுபிடித்துவிட்டான். துருப்பிடிக்காத எஃகில் வாங்கிப் போட்டிருக்கிறான், மழை நாட்களில் ஸ்விவலுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை கட்டிவிடுகிறான். நான்கு நட்டுகளின் சிவப்புக் கோடுகளும் இன்னும் முறியவில்லை.